ஏ-வா, டி-யா? ஒரே எழுத்தைப் படிக்க இரண்டு வழிகள்

1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததும் பிறைபோல வளையும் சிவப்பணுக்கள் அதில் இருந்தன. அதற்குக் காரணம் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து. பீட்டா குளோபின் மரபணுவில் ‘ஏ’ இருக்கவேண்டிய ஓரிடத்தில் ‘டி’ இருக்கிறது. மரபணுத் தரவுத்தளங்களில் அந்த இடத்தின் பெயர் rs334.

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக நமக்கு இரண்டு பிரதிகள் வருகின்றன. இரண்டிலும் ‘ஏ’ என்றால் பாதிப்பில்லை. ஒன்றில் மட்டும் ‘டி’ என்றால் அவர் கடத்துநர். இரண்டிலும் ‘டி’ என்றால் அரிவாள் செல் நோய். நூற்றுக்கணக்கானவர்களிடம் இந்த ஓர் எழுத்தை மட்டும் பார்க்க, முழு மரபணுவையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

96 குழிகள் கொண்ட ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். 90 குழிகளில் ஆளுக்கு ஒன்றாக டி.என்.ஏ. மூன்றில் ஏற்கெனவே விடை தெரிந்த மாதிரிகள், வகைக்கு ஒன்று. மீதி மூன்றில் வெறும் தண்ணீர். எல்லாக் குழிகளிலும் பி.சி.ஆர். முறையில் அந்த இடம் மட்டும் கோடிக்கணக்கில் படியெடுக்கப்படுகிறது. இதற்கான பிரைமர்களை வடிவமைப்பதில் கவனம் தேவை. பக்கத்திலேயே டெல்டா குளோபின் என்ற மரபணு ஏறக்குறைய இதே எழுத்துகளோடு இருக்கிறது. பிரைமர் அதையும் பிடித்துக்கொண்டால் விடை குழம்பிவிடும்.

முதல் வழி, ஒளிரும் புரோப். இவை சிறிய டி.என்.ஏ. துண்டுகள். ‘ஏ’-க்குப் பொருந்தும் புரோப்பில் ஒரு நிறச் சாயம், ‘டி’-க்குப் பொருந்துவதில் இன்னொரு நிறம். மறுமுனையில் இருக்கும் ஒளியடக்கி அந்த ஒளியை வெளியே விடாது. சரியாகப் பொருந்திய புரோப்பை, படியெடுத்துக்கொண்டு வரும் நொதி வெட்டிவிடும். சாயம் விடுபட்டு ஒளிரும். ஓர் எழுத்து மாறினாலே புரோப் ஒட்டாமல் கழன்றுவிடும். நொதி வெட்ட அங்கே எதுவும் இருக்காது.

ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழியும் திரையில் ஒரு புள்ளியாகிறது. ஒரு அச்சின் பக்கம் ஒரு கூட்டம், மற்ற அச்சின் பக்கம் இன்னொன்று, நடுவில் சாய்வாகக் கடத்துநர்கள். தண்ணீர்க் குழிகள் மூலையில் கிடக்கும். அவை மேலே ஏறி வந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் புள்ளியும் சந்தேகத்துக்குரியதுதான், இருவருடைய டி.என்.ஏ. கலந்திருக்கலாம். நோயுள்ளவர் ஒருவரே இருக்கும் பிளேட்டில், விடை தெரிந்த மாதிரி பக்கத்தில் இல்லையென்றால் அந்தத் தனிப்புள்ளியை யாரும் நம்பிப் படிக்க முடியாது.

இரண்டாவது வழியில் புரோப் கிடையாது. பிரைமர்களும் ஒரு சாயமும் போதும் என்பதால் தொடக்கச் செலவு குறைவு. சாயம் இரட்டை இழையில் ஒட்டியிருக்கும்வரை ஒளிரும். சூட்டை மிக நுண்ணிய படிகளாக ஏற்றினால் இழைகள் பிரிந்து ஒளி சரியும். அந்தச் சரிவைக் கோடாக வரைவதே உயர்நுட்ப உருகு வளைவு. கடத்துநரிடம் ‘ஏ’ இழையும் ‘டி’ இழையும் மாறி ஜோடி சேர்கின்றன. பொருந்தாத அந்த ஜோடிகள் சீக்கிரமே பிரிந்துவிடுவதால் அவருடைய வளைவின் வடிவமே வேறாகிவிடும். கண்ணாலேயே பிரித்துச் சொல்லலாம்.

சிக்கல் மற்ற இரண்டு வகைகளில்தான். ‘ஜி’ போய் ‘ஏ’ வந்தால் பிணைப்புகளின் எண்ணிக்கை மாறும். குட்டையான துண்டு என்றால் உருகும் சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி நகரும். இங்கே ‘ஏ’ போய் ‘டி’ வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஏ–டி ஜோடிதான், பிணைப்பு அதே இரண்டுதான். அதனால் நகர்வு ஒரு டிகிரியில் சிறு பின்னமே. டி.என்.ஏ. பிரித்தெடுத்தபோது தங்கிய உப்பு கொஞ்சம் கூடியிருந்தாலே இந்த வித்தியாசம் மறைந்துபோகும். ஆகவே எல்லா மாதிரிகளையும் ஒரே முறையில் பிரித்தெடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதற்கு ஓர் அழகான தந்திரம் உண்டு. பாதிப்பில்லாதவருடையது என்று உறுதியாகத் தெரிந்த டி.என்.ஏ.வைக் கொஞ்சம் எடுத்து, சந்தேகத்துக்குரிய மாதிரியோடு கலந்து மறுபடி ஓட்டுகிறார்கள். மாதிரியும் ‘ஏ’ மட்டும் கொண்டதென்றால் வளைவில் ஒரு மாற்றமும் இராது. இரண்டும் ‘டி’ என்றால், பொருந்தா ஜோடிகள் உருவாகி வளைவு கடத்துநருடையதுபோல வளையும்.

பிறந்த குழந்தைக்கு இந்தச் சோதனை நன்றாகவே பொருந்துகிறது. அந்த வயதில் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபினே மிகுந்திருப்பதால், புரதத்தின் கரைதிறனைப் பார்க்கும் எளிய சோதனை ஏமாற்றக்கூடும். டி.என்.ஏ. எழுத்துக்கு வயது கிடையாது.

ஆனால் இரண்டு வழிகளும் பார்ப்பது அந்த ஓரிடத்தை மட்டுமே. ஒரு குழந்தைக்குத் தாயிடமிருந்து அரிவாள் எழுத்தும், தந்தையிடமிருந்து பீட்டா தலசீமியாவுக்கான வேறொரு பிழையும் வந்திருக்கலாம். rs334-இல் அந்தக் குழந்தைக்கு ஒரு ‘ஏ’, ஒரு ‘டி’. திரையில் அது கடத்துநர்களின் கூட்டத்தில் போய் உட்காரும். குழந்தையோ நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருக்கும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனையில்தான் இது பிடிபடும். சாதாரணக் கடத்துநரிடம் இயல்பான ஹீமோகுளோபின் ‘ஏ’தான் அதிகம் இருக்கும். இந்தக் குழந்தையிடமோ அரிவாள் வகையே முந்தி நிற்கும். சில குழந்தைகளிடம் இயல்பான வகை துளியும் இராது.