பேசிக்கொண்டே காட்டுங்கள்

"போன்ல ஏதோ வருதுப்பா" என்று அம்மா சொன்னால், வெளியூரில் இருக்கும் மகனுக்கு எதுவும் புரியாது. திரையையே குரலோடு பதிவு செய்து அனுப்பினால் புரிந்துவிடும்.

ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த வசதி பெரும்பாலான போன்களிலேயே இருக்கிறது. திரையை மேலிருந்து இரண்டு முறை இழுத்தால் Screen record தெரியும். அதைத் தொட்டு, ஒலிக்கு Microphone-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் பதிவு ஊமைப்படம்தான். தவறு நடக்கும் இடம்வரை, "இப்போ இதைத் தொடுறேன்" என்று சொல்லியபடியே செய்துகாட்டலாம்.

இடையில் வரும் குறுஞ்செய்தியும் ஓ.டி.பி.யும்கூடப் பதிவாகலாம். வங்கிச் செயலி கறுப்பாகத் தெரிந்தால் அது கோளாறல்ல, பாதுகாப்பு. அனுப்புமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேண்டாத பகுதியை வெட்டிவிட்டு, குடும்பக் குழுவில் போடாமல் மகனுக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்புங்கள்.