மூன்று சதவீதம் என்று சொன்னார்கள், கைக்கு வருவது எவ்வளவு?

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஜூலை 31 கெடு நெருங்குகிறது. வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. வீடு வாங்கியபோது "வாடகையே மூன்று சதவீதம் கிடைக்கும்" என்றார்கள்; ஆனால் ஆண்டு முடிவில் வங்கிக் கணக்கில் அதில் பாதிகூடத் தேறவில்லை; எங்கே போனது பணம்?

விற்பவர் சொல்லும் அந்த மூன்று சதவீதம் மொத்த வரவு மட்டுமே. பன்னிரண்டு மாதமும் வீடு நிறைந்திருக்கும், குழாய் ஒழுகாது, வரி கிடையாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வகுக்கும் தொகையிலும் பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டார்கள்.

சென்னை மடிப்பாக்கம் போன்ற பகுதியில் 80 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வாடகை மாதம் 20,000. ஆண்டுக்கு 2,40,000, விற்பவர் கணக்கில் சரியாக மூன்று சதவீதம். ஆனால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என ஒன்பது சதவீதம் சேர்ந்தால் நீங்கள் போட்ட முதல் 87,20,000 ரூபாய்.

இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதம்தான். ஆள் மாறும்போது ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் வரவு 2,20,000. அந்த மாதத்துக்கான சங்கப் பராமரிப்பு 3,000 உங்கள் தலையில். புரோக்கருக்கு 10,000, வண்ணப்பூச்சும் சில்லறைப் பழுதுகளும் 24,000, சொத்து வரி 8,000. மீதி 1,75,000 ரூபாய். போட்ட முதலுக்கு இது இரண்டு சதவீதம். வருமான வரி இன்னும் கட்டவில்லை.

வரிச் சட்டம் இந்தச் செலவுகளை எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். வீடு காலியாக இருந்த மாதத்தை அது ஏற்கிறது. வந்த வாடகையான 2,20,000தான் தொடக்கம். நீங்கள் கட்டிய சொத்து வரி 8,000 கழிகிறது. மீதமுள்ள 2,12,000இல் 30 சதவீதம், அதாவது 63,600 ரூபாய், கேள்வி கேட்காமல் கழிகிறது. ரசீது வேண்டாம், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவருக்கும் உண்டு. நம் கணக்கில் புரோக்கர், பராமரிப்பு, பழுது மூன்றும் சேர்த்து 37,000தான் செலவு. ஆக, 26,600 ரூபாய் வரியில்லாத வரவாகிறது. நல்ல ஆண்டில் இது உரிமையாளருக்குச் சாதகம்தான்.

ஆனால் இந்தக் கழிவு கட்டடத்தின் வயதைப் பார்ப்பதில்லை, வாடகையை மட்டுமே பார்க்கிறது. முப்பது வருடக் கட்டடத்தில் மொட்டைமாடி ஒழுகி, கம்பி துருப்பிடித்து, உங்கள் பங்காக ஒன்றரை லட்சம் கேட்கிறது சங்கம் என்றால், அந்த ஆண்டும் கழிவு அதே 63,600தான். மிச்சச் செலவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. பழைய வீட்டுக்கு வாடகை குறைவு, பழுது அதிகம். கழிவோ வாடகையோடு சேர்ந்து சுருங்குகிறது. 'எல்லாச் செலவுக்கும் சேர்த்துத்தான் 30 சதவீதம்' என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படுவதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. புதுக் கட்டடத்துக்கு அது சலுகை. பழைய கட்டடத்துக்கு வெறும் உச்சவரம்பு.

வரியையும் பார்த்துவிடலாம். வரிக்குரிய தொகை 1,48,400. முப்பது சதவீத வரி வரம்பில் இருப்பவர் செஸ் சேர்த்து 31.2 சதவீதம் கட்டுவார், சுமார் 46,300. கையில் நிற்பது 1,28,700. நிகர வரவு ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.

வாங்கும் முன்பே இதைக் கணிக்கலாம். சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டு வரவுசெலவைக் கேளுங்கள். மொட்டைமாடி, லிஃப்ட், கழிவுநீர்க் குழாய் பற்றிய தீர்மானங்களைப் படியுங்கள். பெரிய செலவு வரப்போகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வீட்டுக் கடன் வட்டி? கழியும், ஆனால் புதிய வரிமுறையில் வாடகை வருமானம் தீரும் வரைதான், மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

சங்கத்துக்குக் கட்டும் மாதப் பராமரிப்பு? தனியாகக் கழியாது, அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம்.

சொத்து வரியைக் குடியிருப்பவரே கட்டினால்? உங்கள் கணக்கில் கழிக்க முடியாது.

சொத்து வரி பாக்கியை இந்த ஆண்டு மொத்தமாகக் கட்டினால்? கட்டிய ஆண்டில் முழுதும் கழியும்.

கணவன் மனைவி பெயரில் கூட்டாக இருந்தால்? பத்திரத்தில் உள்ள பங்குப்படி இருவரும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.