விமானம் மேலேற இரண்டு வேகங்கள்

தரையை விட்டுக் கிளம்பிய விமானம் மேலேறுவதை இரண்டு விதமாக அளக்கலாம். குறிப்பிட்ட தூரத்தைக் கடப்பதற்குள் எவ்வளவு உயரம் கிடைத்தது என்பது ஒன்று. குறிப்பிட்ட நேரத்துக்குள் எவ்வளவு கிடைத்தது என்பது இன்னொன்று. தூரக் கணக்கில் அதிக உயரம் தரும் வேகத்துக்கு வி-எக்ஸ் என்றும், நேரக் கணக்கில் அதிகம் தருவதற்கு வி-ஒய் என்றும் பெயர்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172எஸ் விமானத்துக்கு, முழு எடையோடு கடல் மட்டத்தில், கையேடு சொல்லும் வி-எக்ஸ் 62 நாட். வி-ஒய் 74 நாட். 74 நாட்டில் நிமிடத்துக்கு 730 அடி, அதாவது சுமார் 222 மீட்டர் ஏறும். அதற்குள் 2,285 மீட்டர் முன்னே போய்விடும். 62 நாட்டில் நிமிடத்துக்கு 670 அடிதான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரம் 204 மீட்டராகக் குறைகிறது. ஆனால் கடந்த தூரமும் 1,915 மீட்டர்தான். 500 மீட்டர் தள்ளி ஒரு மரவரிசை நின்றால், முதல் வேகத்தில் அதன் மேல் சுமார் 49 மீட்டர் உயரத்திலும், இரண்டாவதில் 53 மீட்டரிலும் பறக்கும். நான்கு மீட்டர் சொற்பம்தான். மர உச்சியை உரசாமல் தப்ப அதுவே போதும்.

சாய்வு, காற்றின் எதிர்ப்பு போக மிஞ்சும் இழுவிசையைப் பொறுத்தது. மெதுவாகப் போகும்போதுதான் புரொப்பெல்லரின் இழுப்பு அதிகம். ஆகவே வி-எக்ஸ் குறைந்த வேகம். ஏறும் விரைவோ மிஞ்சும் திறனைப் பொறுத்தது. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கியது. அதனால் வி-ஒய் சற்று மேலே அமைகிறது.

எதிரே தடை இருந்தால் மட்டும் வி-எக்ஸ். தாண்டியதும் மூக்கைத் தாழ்த்தி வி-ஒய்க்கு மாறிவிட வேண்டும். 62 நாட்டில் தூக்கிய மூக்கு முன்னால் உள்ளதை மறைக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றும் குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து, இறக்கை தூக்குவிசையை இழக்கும் 48 நாட் அருகிலேயே இருப்பது. அந்த நேரத்தில் இன்ஜின் நின்றால், உடனே மூக்கைக் கீழே தள்ளாவிட்டால் சில நொடிகளில் வேகம் கரைந்துவிடும்.

மரங்கள் நெருங்குவதைப் பார்த்து மூக்கை மேலும் தூக்குவதுதான் பலர் செய்யும் தவறு. வேகம் 62-க்குக் கீழே போனால் எதிர்ப்பு கூடி, சாய்வு குறைகிறது. விமானம் நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றும். உயரம் மட்டும் கூடாது. வேகமானியை நம்ப வேண்டும், கண்ணை அல்ல.

குட்டையான ஓடுபாதையில் ஃபிளாப்பை 10 டிகிரி இறக்கிக் கிளம்பினால் கணக்கு வேறு: தடையைத் தாண்டும் வரை 56 நாட் என்கிறது அதே கையேடு.

உயரம் கூடக் கூட இரு வேகங்களும் நெருங்கும். 10,000 அடியில் வி-எக்ஸ் 67, வி-ஒய் 72. இரண்டும் ஒன்றாகும் உயரத்துக்கு மேல் அந்த விமானத்தால் ஏறவே முடியாது.