போக்குவரத்துக் கணக்கில் செலவு மாற்றத்தின் எல்லை

ஒரு வழியின் செலவு எவ்வளவு மாறும் வரை உகந்த போக்குவரத்துத் திட்டம் உகந்ததாகவே இருக்கும் என்பதைக் கண்டறிவது உணர்திறன் பகுப்பாய்வின் ஒரு பகுதியாகும்.

செஞ்சியில் 60 டன், திண்டிவனத்தில் 40 டன் நெல் உள்ளதாகவும், விழுப்புரம், ஆரணி ஆலைகளுக்குத் தலா 50 டன் தேவை எனவும் கொள்வோம். டன்னுக்கு லாரி வாடகை செஞ்சியிலிருந்து விழுப்புரத்துக்கு 300 ரூபாய், ஆரணிக்கு 400. திண்டிவனத்திலிருந்து முறையே 320, 500 என்க.

உகந்த திட்டத்தில் செஞ்சி நெல் ஆரணிக்கு 50 டன்னும் விழுப்புரத்துக்கு 10 டன்னும் செல்லும். திண்டிவனத்தின் 40 டன்னும் விழுப்புரத்துக்குச் செல்லும். மொத்தச் செலவு 35,800 ரூபாய்.

பயன்படாத திண்டிவனம்–ஆரணி வழியில் ஒரு டன் அனுப்பினால், செஞ்சி–ஆரணியிலும் திண்டிவனம்–விழுப்புரத்திலும் ஒவ்வொரு டன் குறையும். செஞ்சி–விழுப்புரத்தில் ஒரு டன் கூடும். செலவு மாற்றம்:

500 − 400 − 320 + 300 = 80

செலவு 80 ரூபாய் கூடுவதால் அந்த வழி பயன்படவில்லை. அதன் வாடகை 420க்குக் கீழே இறங்கினால் திட்டம் மாறும். கழித்தல் குறியுள்ள செஞ்சி–ஆரணி வாடகை 480ஐத் தாண்டினாலும், திண்டிவனம்–விழுப்புரம் வாடகை 400ஐத் தாண்டினாலும் மாறும். கூட்டல் குறியுள்ள செஞ்சி–விழுப்புரம் வாடகையோ எவ்வளவு உயர்ந்தாலும் திட்டம் மாறாது, மொத்தச் செலவு மட்டுமே கூடும். 220க்குக் கீழே குறைந்தால்தான் மாறும்.

எல்லை மதிப்பிலேயே நின்றால் இரு திட்டங்களும் சமச் செலவுடையவை. இவ்வெல்லைகள் ஒரு வாடகை மட்டும் மாறும்போதே பொருந்தும். செஞ்சி–ஆரணியும் திண்டிவனம்–விழுப்புரமும் ஒருசேர 50 ரூபாய் உயர்ந்தால், தனித்தனியே எல்லைக்குள் இருந்தும் 80 என்பது −20 ஆகி, பழைய திட்டம் உகந்ததல்லாமல் போகும்.