பணவீக்கம் 0.25%தான்... அப்புறம் ஏன் மாசக் கடைசியில் பர்ஸ் காலி? - ஒரு விளக்கம்

ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி வாக்கில், மாலை 4 மணிக்கு மத்திய புள்ளியியல் அமைச்சகம் ஒரு எண்ணை வெளியிடும். அதுதான் சில்லறை பணவீக்கம். 2025 அக்டோபர் மாதத்துக்கு அந்த எண் வெறும் 0.25%. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கீட்டில் இதுவரை பதிவானதிலேயே மிகக் குறைவு. 'விலைவாசி ஏறவே இல்லை' என்று செய்தி வந்த அதே வாரத்தில், 'யாருக்கு ஏறலையாம்?' என்று சமையலறைகளில் கேள்வியும் எழுந்தது. இரண்டுமே சரிதான். எப்படி?

0.25% எப்படி வந்தது?

கணக்கு சிம்பிள். ஒரு சராசரி இந்தியக் குடும்பம் வாங்கும் பொருட்கள், சேவைகளை ஒரு கூடையாக வைத்துக்கொள்கிறார்கள். 2012-ல் அந்தக் கூடையின் விலை 100 என்று எடுத்துக்கொண்டால், 2024 அக்டோபரில் அதன் விலை 196.8. 2025 அக்டோபரில் 197.3. ஒரு வருடத்தில் 0.5 புள்ளி ஏறியிருக்கிறது. 0.5-ஐ 196.8-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.25%.

இதில் 2012தான் 'அடிப்படை ஆண்டு'. அதாவது, அளக்கத் தொடங்கும் புள்ளி. 197.3 என்றால், அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய கூடைக்கு இன்று ஏறக்குறைய 197 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். பணவீக்கம் 0.25% என்பதால் பழைய விலை திரும்பி வந்துவிடவில்லை. ஏற்கெனவே ஏறிய உயரத்திலேயே விலை நிற்கிறது. அதற்கு மேல் ஏறும் வேகம் மட்டும்தான் குறைந்திருக்கிறது.

காய்கறி விலை 28% குறைந்ததா?

அந்த மாத எண்ணை இவ்வளவு கீழே இழுத்ததில் பெரிய பங்கு காய்கறிக்கு உண்டு. 2025 அக்டோபரில் காய்கறி விலை, முந்தைய ஆண்டு அக்டோபரைவிட 27.57% குறைவு. கேட்க பிரமாதமாக இருக்கும். ஆனால் எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

2024 அக்டோபரில் காய்கறி விலை 42.18% எகிறியிருந்தது. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய காய்கறிப் பை, 2024-ல் 142 ரூபாய். அதிலிருந்து 27.57% கழித்தால் 2025-ல் 103 ரூபாய். ஆக, இரண்டு வருடத்துக்கு முன் கொடுத்ததைவிட 3 ரூபாய் அதிகம்தான். போன வருடம் விலை உச்சியில் இருந்ததால், இந்த வருடம் பெரிய சரிவு போலத் தெரிகிறது. இதைத்தான் பொருளாதாரத்தில் 'அடிப்படை விளைவு' என்கிறார்கள்.

எடை என்றால் என்ன?

கூடையில் எல்லாப் பொருளுக்கும் ஒரே மரியாதை கிடையாது. குடும்பங்கள் எதற்கு அதிகம் செலவழிக்கிறதோ, அதற்கு அதிக 'எடை'. 2012 கூடையில் உணவு, பானங்களின் எடை 45.86%. அதாவது, 100 ரூபாய் செலவில் ஏறக்குறைய 46 ரூபாய் சாப்பாட்டுக்கு. உப்பு விலை இரண்டு மடங்கானாலும் குறியீடு பெரிதாக அசையாது. அரிசி விலை கொஞ்சம் ஏறினாலே அசையும்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனி எடை. கிராமக் கூடையில் காய்கறிக்கு 7.46%, நகரக் கூடையில் 4.41% மட்டுமே. வீட்டு வாடகைக்கு நகரத்தில் 21.67%, கிராமத்தில் அந்த வரிசையே இல்லை. அதனால்தான் காய்கறி விலை சரிந்த அதே அக்டோபரில் கிராமப்புற பணவீக்கம் மைனஸ் 0.25%, நகர்ப்புறத்தில் 0.88%. தமிழ்நாட்டின் எண் 1.29%.

ஒரே குடும்பம், இரண்டு பணவீக்கம்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் உள்ள ஏரியூரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெற்றோர் ஊரில், மகள் சென்னையில் வேலை. காய்கறி, எண்ணெய்க்கு மட்டும் அந்த அக்டோபரின் நிஜ எண்களை முழு எண்ணாக்கி வைப்போம்: காய்கறி 28% இறக்கம், சமையல் எண்ணெய் 11% ஏற்றம். மீதி எல்லாம் ஒரு உதாரணத்துக்கு.

பெற்றோரின் போன வருட மாதச் செலவு 15,000 ரூபாய். அதில் காய்கறி 1,500: இதில் 420 ரூபாய் மிச்சம். எண்ணெய் 900: இதில் 99 ரூபாய் கூடுதல். மற்றவை 12,600, இவை 3% ஏறினால் 378 ரூபாய் கூடுதல். கூட்டிக் கழித்தால் 57 ரூபாய்தான் அதிகம். அவர்களின் பணவீக்கம் 0.4%.

மகளின் போன வருட மாதச் செலவு 30,000 ரூபாய். வாடகை 12,000, ஹவுஸ் ஓனர் 5% ஏற்றினால் 600 கூடுதல். ஹோட்டல், மெஸ் சாப்பாடு 5,000. 4% ஏறினால் 200. காய்கறி 500தான், மிச்சம் 140. மற்றவை 12,500, 3% என்றால் 375. மொத்தம் 1,035 ரூபாய் அதிகம். அவளுடைய பணவீக்கம் ஏறக்குறைய 3.5%.

'விலைவாசி பரவாயில்லையேம்மா' என்று அப்பா சொன்னால் அவர் சொல்வது உண்மை. 'எனக்குக் கட்டுப்படி ஆகலப்பா' என்று மகள் சொன்னாலும் உண்மை. ரேஷனில் விலையில்லா அரிசி வாங்கும் வீட்டுக்கும், மாதம் 25 கிலோ மூட்டை வாங்கும் வீட்டுக்கும்கூட இதே மாதிரி வித்தியாசம் வரும்.

இன்னொரு விஷயம். இந்தக் குறியீடு செலவை மட்டுமே அளக்கும், வருமானத்தை அல்ல. தர்மபுரி மாவட்டம் தக்காளிக்குப் பேர் போனது. அந்தப் பெற்றோர் தக்காளி போட்டிருந்தால், வாங்கும் பையில் மிச்சமான 420 ரூபாயைவிட விற்கும் கூடையில் போன பணம் பல மடங்கு இருக்கலாம். அது எந்தப் பணவீக்க எண்ணிலும் வராது.

கூடையை ஏன் மாற்றினார்கள்?

2012 கூடையின் எடைகள் 2011-12-ல் எடுத்த குடும்பச் செலவு சர்வேயிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு மொபைல் டேட்டா, ஓடிடி, ஆன்லைன் ஷாப்பிங் என்று செலவு மாறிவிட்டது, கூடை மாறவில்லை. எனவே 2023-24 சர்வேயை வைத்து, 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய தொடர் 2026 பிப்ரவரி 12-ல் வந்தது. அதன்படி ஜனவரி மாதப் பணவீக்கம் 2.75%.

புதிய கூடையில் உணவு, பானங்களின் எடை 36.75%. ஹோட்டல் சாப்பாட்டைத் தனிப் பிரிவாகப் பிரித்ததும் இந்தக் குறைவுக்கு ஒரு காரணம். கிராமத்து வாடகையும் இப்போது கணக்கில் உண்டு. அதாவது, இனி தக்காளி விலை ஆடினால் மொத்த எண் முன்பு போல ஆடாது. அதே சமயம், வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் வீட்டின் நிலையிலிருந்து இந்த எண் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

உங்கள் பணவீக்கத்தை நீங்களே பார்க்கலாம்

போன வருடம் இதே மாதம் செய்த செலவை யுபிஐ, வங்கிக் கணக்கிலிருந்து ஐந்தாறு பிரிவாகப் பிரியுங்கள். அதே அளவு பொருளை இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசத்தைப் போன வருட மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: புதிதாகச் சேர்ந்த ஜிம் கட்டணம், வாங்கிய பைக்கின் இஎம்ஐ போன்றவை பணவீக்கம் அல்ல. அவை செலவு கூடியது. விலை கூடியது அல்ல.

வரும் எண் அரசு எண்ணைவிட அதிகமாக இருந்தால், அரசுக் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை. உங்கள் கூடை வேறு. ஆனால் சம்பள உயர்வு பற்றிப் பேச உட்காரும்போது கையில் இருக்க வேண்டியது இந்த எண்தான்.