‘கொஞ்சம் போட்டு விடுங்க’ என்பதைக் கடிதமாக்கும்போது

அட்டைப்பெட்டி செய்து தரும் சிறு தொழிற்கூடத்தார் வாடிக்கைக் கடைக்காரருக்கு இப்படி எழுதுவார்: “சார், போன மாசம் அனுப்புன பில்லுக்கு நீங்க இன்னும் பணம் போடல. கொஞ்சம் சீக்கிரம் போட்டு விடுங்க.” பழகியவருக்கு இது போதும். பெரிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இதைப் படிப்பவருக்கோ எந்த பில், எவ்வளவு தொகை என்றே தெரியாது.

எழுத்து நடையில் அது இப்படி மாறும்:

“வணக்கம். 12.06.2025 தேதியிட்ட எங்கள் 118ஆம் எண் விலைப்பட்டியலுக்கான ரூ.48,500, 27.07.2025க்குள் வந்திருக்க வேண்டும். இதுவரை எங்கள் கணக்கில் வரவாகவில்லை. ஆகஸ்ட் 8க்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பரிவர்த்தனை எண்ணைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

‘போடல’ என்பதை ‘போடவில்லை’ என்று நீட்டுவதோடு வேலை முடிவதில்லை. ‘நீங்க போடல’ என்பதில் குற்றம் சாட்டும் தொனி உண்டு. ‘வரவாகவில்லை’ என்றால் பேச்சு பணத்தைப் பற்றியதாகிறது. பேச்சில் ‘கொஞ்சம்’ தந்த பணிவை இங்கே ‘கேட்டுக்கொள்கிறோம்’ தருகிறது. ‘சீக்கிரம்’ இருந்த இடத்தில் ஒரு தேதி நிற்கிறது.

பலர் சறுக்குவது ‘உடனே செலுத்தவும்’ என்பதில்தான். எழுத்து நடைதானே என்று நினைக்கிறார்கள். ஆனால் அது அறிவிப்புப் பலகையின் குரல், வாடிக்கையாளர் காதில் கட்டளையாக விழும். ‘தயைகூர்ந்து தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று மறுபக்கம் சாய்ந்தாலும் நமக்கு வர வேண்டிய பணம் யாசகம்போல் ஆகிவிடும்.