தவணைக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வந்தவரிடம் என்ன நடந்தது என்று வெள்ளவத்தையில் கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் நடக்கேல்லை, தவணை போட்டாச்சு" என்பார். அடுத்த திகதி அவருக்கு மனப்பாடமாக இருக்கும். அந்தத் திகதி எதற்கு என்று கேட்டால் பதில் வராது. அதைத்தான் இப்போது சேர்ந்து வாசித்துப் பார்க்கப்போகிறோம்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒருவர் மீது, சரக்கு வாங்கிய பணம் தரவில்லை என்று கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. பிஸ்கால் கொண்டுவந்த அழைப்பாணையில் வழக்கு இலக்கமும் ஒரு திகதியும் இருக்கின்றன. அன்று அவர் சட்டத்தரணியோடு வரவேண்டும். மறுமொழியைத் தாக்கல் செய்யவேண்டும், இல்லையென்றால் அதற்கு அவகாசம் கேட்கவேண்டும். "முதல் தவணைதானே" என்று வீட்டில் இருந்துவிட்டால், அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக வழக்கைக் கேட்க நீதிமன்றத்துக்கு வழி திறந்துவிடும்.

இந்த உதாரணத்தில் அவர் போகிறார். அன்றைய வழக்குப் பட்டியல் மன்றத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கொழும்பில் பட்டியலும் வழக்கேடும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். 'கெந்தவீம' என்றிருந்தால் வெறும் அழைப்பு. 'உத்தரய' என்றால் மறுமொழிக்கு, 'விபாகய' என்றால் விசாரணைக்கு, 'தீந்துவ' என்றால் தீர்ப்புக்கு. இந்த நான்கையும் அடையாளம் கண்டால் பாதி வேலை முடிந்தது. மன்றத்தில் பேசப்படுவது புரியாவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. தயங்காமல் கேளுங்கள்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக் கார்ட்டில் திகதிக்குப் பக்கத்தில் 'இரத்தப் பரிசோதனை' என்று எழுதியிருந்தால் நாம் வெறும் வயிற்றோடு போவோம். தவணையும் அப்படித்தான், பக்கத்துச் சொல்தான் நம்மைத் தயார்படுத்துகிறது. அழைப்புத் தவணையில் சாட்சி சொல்ல யாரையும் கூட்டிப்போகத் தேவையில்லை. விசாரணைத் தவணைக்குச் சாட்சியும் மூல ஆவணங்களும் வேண்டும். அன்று எதிராளி வராவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகப் போகும். வழக்காளி வராவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

இனி, எல்லோரும் தவறாக நினைக்கும் இடத்துக்கு வருவோம். ஒத்திவைத்தால் எல்லாமே அப்படியே நிற்கிறது என்று நினைக்கிறோம். ஒத்திவைப்பு ஒரு கட்டளை. அதற்கு நிபந்தனை இருக்கலாம். நம் கடைக்காரர் மறுமொழிக்கு இரண்டு முறை அவகாசம் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் முறை குறிப்பில் திகதியோடு 'அவசான' என்ற சொல் சேர்கிறது. இறுதி அவகாசம் என்று பொருள். அன்றும் மறுமொழி போகாவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணைதான் வரும் என்று எதிர்பார்க்கவேண்டும்.

விசாரணை நாளில் இது இன்னும் கடுமையாகும். அவர் தரப்பு ஆயத்தமில்லை, ஒத்திவைக்கக் கேட்கிறார்கள் என்று வைப்போம். "வழக்காளிக்கு 10,500 ரூபாய் செலவுத்தொகையை அடுத்த தவணையன்று காலை 10 மணிக்கு முன் செலுத்தவேண்டும், தவறினால் கோரியபடி தீர்ப்பு" என்று இரு தரப்பும் இணங்கிப் பதிவாகிறது. வெளியே வரும் கடைக்காரர் காதில் விழுந்தது திகதி மட்டும். அடுத்த முறை எல்லாச் சாட்சிகளோடும் வந்து, பணத்தைப் பத்தரைக்குக் கொடுத்தால், வழக்கே கைவிட்டுப்போகலாம். உள்ளபடியே பாரதூரமான வரி இதுதான், ஆனால் அதை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டாலும் ஒரு கதவு உண்டு. தீர்ப்பாணை எதிராளியிடம் கையளிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பித்து, வராமல்போனதற்கு நியாயமான காரணம் காட்டவேண்டும். அந்த 14 நாட்கள் தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை.

அடுத்த தவணை கடிதத்தில் வரும் என்று காத்திருக்கவும் கூடாது. திறந்த மன்றத்தில் சொல்வதுதான் அறிவித்தல். நீங்கள் அங்கே இல்லாவிட்டாலும் உங்கள் சட்டத்தரணி கேட்டிருந்தால் போதும். சில வேளை மறுதரப்பு மோஷன் போட்டு வழக்கை முன்கூட்டியே அழைப்பிக்கவும் கூடும், அந்த அறிவித்தலும் சட்டத்தரணிக்குத்தான் போகும்.

ஆகவே அன்று பின்னேரமே சட்டத்தரணியிடம் மூன்றைக் கேளுங்கள்: திகதி என்ன, எதற்கு, நிபந்தனை ஏதும் உண்டா? பதிலில் சந்தேகம் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு தவணையின் குறிப்பும் அதில் திகதி வரிசையில் இருக்கும். ஒட்டிய பட்டியலும் வழக்கேடும் முரண்பட்டால் வழக்கேட்டையே நம்புங்கள். ஆனாலும் இரண்டு திகதியில் முந்தியதற்கும் போய் நிற்பது பாதுகாப்பு.